வளரிளம் பெண்களின் இரத்தசோகை: பெற்றோர்க்கான உரையின் பொருளும் முறையும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பள்ளிகளில் உடல்நல ஆசிரியர் பெற்றோரிடம் சோகையைப் பற்றிப் பேசும்போது எதை முதலில் சொல்ல வேண்டும், எதை எவ்வளவு விரித்துச் சொல்ல வேண்டும் என்பதை இக்கட்டுரையில் வரையறுக்க முயல்கிறோம். உரையைக் கேட்க வருபவர்கள் மக்காச்சோளக் காட்டிலும் சின்ன வெங்காய வயலிலும் முந்திரித் தோப்பிலும் வேலை முடித்து வருபவர்கள். வீடு திரும்பியதும் செய்து பார்க்கக்கூடியதே அவர்களுக்குப் பயன்படும்.

1. வரையறை

இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின், நுரையீரலிலிருந்து உயிர்வளியை உடலெங்கும் கொண்டு சேர்க்கிறது. அது வயதுக்குரிய அளவைவிடக் குறைவதே இரத்தசோகை. உலக சுகாதார நிறுவன வரையறைப்படி, 12 வயது நிறைந்த பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 11 முதல் 11.9 வரை இலேசானது; 8 முதல் 10.9 வரை நடுத்தரமானது. 8-க்குக் கீழ் கடுமையானது. ‘உடம்பில் ரத்தம் இல்லை’ என்று ஊரில் சொல்வதுண்டு. இரத்தத்தின் கொள்ளளவு குறைவதன்று சோகை, அதன் சுமக்கும் திறன் குறைவதே சோகை என்பதை ஆசிரியர் இங்கேயே தெளிவுபடுத்திவிட வேண்டும்.

2. நிலைகள்

இரும்புக் குறைவால் வரும் சோகை மூன்று நிலைகளைக் கடந்து வருகிறது. முதலாவதைச் ‘சேமக்குறை’ எனலாம்: கல்லீரலிலும் எலும்பு மச்சையிலும் சேர்த்து வைத்த இரும்பு கரைகிறது, ஹீமோகுளோபின் மட்டும் மாறாமல் நிற்கிறது. இரண்டாவது ‘வழங்குகுறை’: சிவப்பணு உருவாகும் இடத்துக்குப் போதிய இரும்பு சென்று சேர்வதில்லை. மூன்றாவதே ‘வெளிப்பட்ட சோகை’. ஆகவே ஹீமோகுளோபின் 11.5 என்று வந்தால், ‘கொஞ்சந்தானே குறைவு’ என்று ஆறுதல் கொள்வது தவறு. இரும்புக்குறையால் வந்த சோகையாயின், அந்த எண் தெரியுமுன்பே சேமிப்பு தீர்ந்திருக்கும்.

3. அறிதல்

பெற்றோர் கண்ணால் அறிபவை இருவகை. ஒன்று நடத்தை: மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், மாலையில் புத்தகத்தின் மேலேயே உறங்கிவிடுதல், காரணமில்லாத எரிச்சல். இவை வேறு காரணங்களாலும் வரும். ஆனால் பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி ஆகியவற்றை ஒளித்து வைத்துத் தின்பது இரும்புக்குறையை வலுவாகச் சுட்டும் குறி. அரிசிப் பானையில் கைவிடும் பெண்ணைத் திட்டுவதை விட்டு, இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மற்றொன்று வெளிறல். பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும். நாக்கையும் உள்ளங்கையையும் பார்க்க வேண்டும். மருதாணியும் நகப்பூச்சும் இருந்தால் கையை நம்பக் கூடாது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. தாய் தன் இமையோடு மகளின் இமையை ஒப்பிட்டு, ‘என்னைப் போலத்தான் இருக்கிறது’ என்று நிறைவு கொள்ளக்கூடும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சோகை உள்ளது. ஒப்பிடும் கண்ணும் வெளிறியதாக இருக்கலாம்.

மேலும், இலேசான சோகை பெரும்பாலும் வெளிறலாகத் தெரிவதில்லை. ஐயத்தைத் தீர்ப்பது பரிசோதனை மட்டுமே. அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். விரல் நுனியில் குத்தி எடுக்கும்போது விரலைப் பிசைந்து பிழிந்தால் திசுநீர் கலந்து எண் குறைவாகக் காட்டும். எண்ணும் பெண்ணின் நிலையும் பொருந்தாவிட்டால் மறுமுறை பார்க்கச் சொல்லலாம்.

4. காரணங்கள்

வளர்ச்சியின் வேகத்தோடு மாதவிலக்கின் இழப்பும் சேர்வது முதற்காரணம். விலக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துணி மாற்ற வேண்டியிருந்தாலோ மருத்துவரைக் காண வேண்டும். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்க்குக் கொக்கிப்புழு தோல் வழியே புகுந்து குடலில் இரத்தம் உறிஞ்சும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரப்படும் பூச்சி மாத்திரையை இதனால்தான் தவறவிடலாகாது. எஞ்சிய காரணம் உணவு. அதற்கே நாம் நேரம் ஒதுக்க வேண்டும்.

5. உணவுத் திட்டம்

நிறத்தைக் கண்டு மயங்குவதை முதலில் களைய வேண்டும். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ‘ரத்தம் ஊறும்’ என்று வாங்குகிறோம். இரண்டிலும் 100 கிராமுக்கு 1 மி.கி. இரும்புகூட இல்லை. ஆனால் கொள்ளில் ஏறத்தாழ 8.8, கம்பில் 6.4, முருங்கைக் கீரையில் 4.6 மி.கி. உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிடுவோம். வேப்பந்தட்டைப் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் 14 வயதுப் பெண், ஹீமோகுளோபின் 9.8 என்று கொள்வோம். காலையில் டீயும் பழைய சோறும், பள்ளியில் சத்துணவும் முட்டையும், இரவில் சோறும் சாம்பாரும். நாள் முழுதும் 300 கிராம் அரிசியில் 2 மி.கி., 30 கிராம் துவரம்பருப்பில் சுமார் 1.2, முட்டையில் 1. ஆகச் சுமார் 4. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் இவ்வயதுக்குப் பரிந்துரைத்தது நாளொன்றுக்கு 30 மி.கி.

இதே வீட்டில் காலைச் சோற்றுக்குப் பதில் 100 கிராம் கம்பில் கூழ், மாலையில் 30 கிராம் கொள்ளில் சுண்டல், இரவில் 75 கிராம் முருங்கைக் கீரைப் பொரியல், 15 கிராம் எள்ளில் ஓர் உருண்டை சேர்ப்போம். முறையே 6.4, 2.6, 3.4, 2 மி.கி.; அரிசி 200 கிராமாகக் குறைந்தாலும் மொத்தம் 18-ஐ நெருங்குகிறது. நான்கு மடங்குக்கு மேல் உயர்வு. ஆயினும் 30 இல்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சோகை வந்துவிட்ட பெண்ணை உணவு மட்டும் மீட்காது.

தட்டில் உள்ளது முழுதும் இரத்தத்தில் சேர்வதுமில்லை. தாவர இரும்பில் பத்தில் ஒரு பங்குகூடக் குடலில் சேர்வது அரிது. அதை மேலும் தடுப்பது தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டேட். டீயிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருளும் அதைத் தடுக்கும். கம்பை முதல்நாளே ஊறவைத்து இரவு புளிக்க விட்டுக் காய்ச்சும் கூழில் பைட்டேட் குறையும். கொள்ளை முளைகட்டினாலும் குறையும். கேழ்வரகில் இரும்பு இருந்தும் துவர்ப்பும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி என்பதால் அதன் எண்ணை முழுதாக நம்ப வேண்டாம். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ தள்ளி வைத்தாலே பெரிய மாற்றம், செலவும் இல்லை. வைட்டமின் சி இரும்பைக் குடல் உறிஞ்ச உதவும், ஆனால் சூட்டில் அழியும். ஆகவே சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பின் எலுமிச்சை பிழிய வேண்டும்; கூழோடு ஒரு நெல்லிக்காயையோ அரைக் கொய்யாவையோ கடிக்கத் தரலாம். அசைவம் உண்பவர்க்கு ஆட்டு ஈரல் சிறந்தது. அதன் இரும்பு எளிதில் சேர்வதோடு, உடனுண்ணும் தாவர இரும்பும் கூடச் சேரத் துணைசெய்கிறது.

6. மாத்திரையும் தொடர்ந்து காணலும்

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. அது தடுப்புக்கானது, சிகிச்சையின் அளவு வேறு. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு அரசின் நெறிமுறைப்படி அவ்வகை மாத்திரை நாள்தோறும் இரண்டு, உணவுக்குப் பின், மூன்று மாதம் என்று சுகாதார நிலையத்தில் தருவார்கள். மலம் கறுப்பது இயல்பு. அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுவோர் உண்டு. குமட்டினால் உறங்குமுன் விழுங்கச் சொல்லலாம். பாலோடும் டீயோடும் கூடாது. எண் 8-க்குக் கீழ் இருந்தால் வீட்டில் காத்திராமல் மருத்துவமனைக்கே போக வேண்டும்.

ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏற வேண்டும். 9.8 என்பது 10.8 ஆகாவிட்டால் முதலில் கேட்க வேண்டியது மாத்திரை உண்மையிலேயே விழுங்கப்பட்டதா என்பதை. அதட்டாமல், தனியே கேட்க வேண்டும். விழுங்கியும் ஏறவில்லையெனில் காரணம் இரும்புக்குறை மட்டுமாக இராது. மிகுந்த மாதவிலக்கு, புழு, பி12 குறைவு, பரம்பரையாக வரும் தாலசீமியா என ஒவ்வொன்றாக மருத்துவர் பார்ப்பார். ஒரு மாதம் கழித்துச் செய்யும் இரண்டாம் பரிசோதனைக்கான நாளை, பெற்றோர் கூட்டம் கலையுமுன்பே ஆசிரியர் குறித்துக் கொடுத்துவிட வேண்டும்.