தோட்டத்தின் பெயரும் காப்பியின் விலையும்: பொதுத் தொகுப்பிலிருந்து நேரடிக் கொள்முதல் வரை

பெங்களூரின் ஆஸ்டின் டவுன், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி. அங்குள்ள வீடுகளில் டிகாக்ஷன் இறக்கப் பயன்படும் தூள் பொட்டலத்தில் காப்பி எத்தனை விழுக்காடு, சிக்கரி எத்தனை விழுக்காடு என்று அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் கொட்டை எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பது பெரும்பாலும் இருக்காது. அதே நகரத்தின் புதிய காப்பிக் கடைகளில் கிடைக்கும் பொட்டலத்திலோ தோட்டத்தின் பெயரும் பழத்தைப் பதப்படுத்திய முறையும் முகப்பிலேயே இடம்பெறுகின்றன. இது விளம்பர உத்தி மட்டுமன்று. உழவருக்குப் பணம் போய்ச்சேரும் இருவேறு வழிகளின் அடையாளமும் ஆகும்.

தோட்டத்தின் பெயர் மறைந்ததற்குச் சட்டமே ஒரு காரணம். இரண்டாம் உலகப்போர் மூண்டதும் இந்தியக் காப்பிக்கு ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. விளைச்சல் தேங்கி விலை சரிந்த அந்த நெருக்கடியில்தான் 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டம் உருவானது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட காப்பி வாரியம் அதைச் செயற்படுத்தியது. பதிவுபெற்ற விவசாயி, விதைக்கும் வீட்டுத் தேவைக்கும் அனுமதிக்கப்பட்ட சிறு அளவு நீங்கலாக, விளைந்த காப்பி முழுவதையும் வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தபின் அந்தக் காப்பியின்மீது அவருக்கு எஞ்சியிருந்த உரிமை ஒன்றே: சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி பணம் பெறும் உரிமை.

அந்தப் பணம் ஒரே தடவையில் வரவில்லை. காப்பியின் வகைக்கும் தரத்துக்கும் ஏற்பப் புள்ளிகள் கணக்கிடப்பட்டன. ஒப்படைக்கும்போது முன்பணம் கிடைக்கும். வாரியம் உள்நாட்டுக்கும் ஏற்றுமதிக்கும் ஏலத்தில் விற்ற தொகையிலிருந்து செலவுகள் கழிக்கப்பட்டு, எஞ்சியது தவணை தவணையாகப் பகிரப்படும். இறுதித் தவணை அடுத்த அறுவடையையும் தாண்டி வருவதுண்டு. இம்முறையில் விலைச்சரிவின் அடி தனி ஒருவர்மேல் விழாமல் அனைவர்மேலும் பரவியது. ஆனால் தேர்ந்த பழத்தை மட்டும் பறித்தவரின் கொட்டையும், அதே தரப்பெயர் பெற்ற ஏனோதானோக் கொட்டையும் ஒரே குவியலில் கலந்தன. தரப்பெயருக்கு மேற்பட்ட உழைப்புக்கு விலை இல்லை.

இந்த ஒப்படைப்பின் தன்மை என்ன என்ற கேள்வி உச்சநீதிமன்றம் வரை சென்றது. கர்நாடக அரசு கொள்முதல் வரி கேட்டபோது, இது சட்டத்தின் கட்டாயத்தால் நிகழும் கையகப்படுத்தல். விற்பனை ஆகாது என்று வாரியம் வாதிட்டது. 1988இல் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்காமல், இது விற்பனையே என்றும் வரி செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. விலையைப் பேசவோ வாங்குபவரைத் தேர்ந்தெடுக்கவோ இயலாத விவசாயி, சட்டத்தின் பார்வையில் விற்பனையாளராகவே இருந்தார்.

1989 ஜூலையில் பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீட்டு முறை முறிந்து உலக விலை வீழ்ந்தது. தொகுப்பின் தவணைகள் விவசாயிகளுக்குப் போதவில்லை. 1990களின் தொடக்கத்தில் விளைச்சலில் ஒரு பகுதியைத் தாமே விற்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. 1994இல் பிரேசிலை உறைபனி தாக்கி உலக விலை ஏறியபோது அந்த உரிமையின் பயனை அவர்கள் கண்கூடாகக் கண்டனர். 1996இல் கட்டாயத் தொகுப்பு முடிவுக்கு வந்தது. ஆனால் அதே திறந்த கதவின் வழியே 2001ஆம் ஆண்டின் வீழ்ச்சியும் நேராகக் களத்துக்கு வந்தது. நியூயார்க்கில் அரபிகா ஒரு பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே இறங்கிய காலம் அது.

இன்றைய பண்டச் சந்தை முறையில் அரபிகாவுக்கு நியூயார்க், ரோபஸ்டாவுக்கு லண்டன் முன்பேர விலையே அடிப்படை. ஏற்றுமதியாளர் அதனுடன் இந்தியக் காப்பிக்குரிய ஏற்றத்தாழ்வைச் சேர்த்து, தம் செலவைக் கழித்து, உள்ளூர் வணிகருக்கு விலை சொல்கிறார். களத்தில் வணிகர் பார்ப்பது ஈரப்பதத்தையும் 'அவுட்டர்ன்' எனப்படும் தேறும் எடையையும். தோலுடன் உலர்த்திய 50 கிலோ ரோபஸ்டா செர்ரியின் மாதிரியை உரித்து, எத்தனை கிலோ சுத்தமான கொட்டை தேறும் என்று கணக்கிடுவார். அது 26 கிலோ என்றும் கொட்டை கிலோவுக்கு 300 ரூபாய் என்றும் கொண்டால் மூட்டைக்கு 7,800 ரூபாய். பிஞ்சும் பொக்கும் கலந்து 24 கிலோவே தேறினால் 7,200. இவ்வாறு 600 ரூபாய் குறைந்ததற்குக் காரணம் முழுவதும் எடை. சுவை இந்தக் கணக்கில் எங்குமே நுழையவில்லை.

சுவைக்கு விலை தருவதே நேரடி உறவின் அடிப்படை. வறுப்பவர் மாதிரியை வறுத்துச் சுவைத்து 100க்கு மதிப்பெண் இடுகிறார். 80ஐத் தொட்டால் அது சிறப்புக் காப்பி. விலை கிலோவுக்கு இவ்வளவு என்று இருவரும் பேசி முடிக்கின்றனர். 2013இல் தொடங்கிய ப்ளூ டோக்காய் நிறுவனம் பிலிகிரிரங்கன் மலையின் அட்டிகன் தோட்டத்தின் பெயரைப் பொட்டலத்தில் அச்சிட்டு விற்றது இம்முறைக்கு அறியப்பட்ட சான்று. தொகுப்பில் கரைந்துபோன பெயர் இவ்வாறு மீண்டது.

ஆயினும் பெயர் மீண்ட அளவுக்கு வருமானம் மீண்டதா என்பதைக் கணக்கிட்டே அறியவேண்டும். ஒரு விவசாயிக்கு 100 மூட்டை விளைகிறது என்று கொள்வோம். வறுப்பவர் 10 மூட்டையைச் சந்தை விலையைவிட 40 விழுக்காடு கூட்டி வாங்குகிறார். மொத்த வருமானம் 4 விழுக்காடுதான் உயரும். அந்த 10 மூட்டைக்காகப் பழுத்ததை மட்டும் மூன்று நான்கு சுற்றுகளாகப் பறிக்கும் கூலி, உலர்த்தும் மேடைகள், தனியாக உலர்த்திக் காக்கும் கூடுதல் நாட்கள் ஆகியவை அதிலிருந்தே போகவேண்டும். சிறு வறுப்பகங்கள் மாதம் சில மூட்டைகளாக எடுத்து, எடுத்த பிறகே பணம் தருமானால், மழைக்காலம் முழுவதும் சரக்கைக் காக்கும் பொறுப்பும் விவசாயியுடையது. ஈரக்காற்றில் கொட்டை நிறம் வெளுத்தால் உடன்பட்ட விலையும் உறுதியில்லை. மீதி 90 மூட்டைகளின் விலையை லண்டனே முடிவுசெய்கிறது.

விலை ஏறும் காலத்தில் சோதனை மறுபக்கமாக வரும். 2024இல் லண்டன் ரோபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைக் கடந்தது; 2025 பிப்ரவரியில் நியூயார்க் அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. முந்தைய ஆண்டின் விலையை ஒட்டிப் பேசிய நேரடி ஒப்பந்தம் அத்தகைய காலத்தில் களத்து விலையைவிடக் கீழே நின்றுவிடும். அப்போது விவசாயி சொல்லைக் காப்பதா, வணிகரின் ரொக்கத்தை ஏற்பதா என்று தேர்ந்தெடுக்க நேர்கிறது. இதனால் குறைந்தபட்ச விலை ஒன்றை உறுதிசெய்து, சந்தை அதைக் கடந்தால் சந்தை விலையுடன் குறிப்பிட்ட தொகையைச் சேர்த்துத் தரும் உடன்பாடே இருதரப்புக்கும் தாங்கும்.

கையில் ரொக்கம் இல்லாத சிறு விவசாயி, கூலி கொடுக்க வேண்டிய வாரத்தில் களத்திலேயே விற்றுவிடுகிறார். தொகுப்பு அவரை விலைச்சரிவிலிருந்து ஓரளவு காத்தது; காத்திருப்பை அவர்மேல் சுமத்தியது. சந்தை காத்திருப்பை நீக்கியது. சரிவை அவர்மேல் விட்டது. நேரடி உறவு தரத்துக்கு விலை தந்தது. காத்திருப்பைச் சில வேளைகளில் மறுபடியும் கொண்டுவந்தது. ஆகவே பொட்டலத்தில் தோட்டத்தின் பெயரைக் காண்பவர் கேட்கத் தக்க கேள்விகள் இரண்டு: அத்தோட்டத்தின் விளைச்சலில் எத்தனை பங்கு இந்த விலைக்கு வாங்கப்பட்டது? பணம் எந்த மாதத்தில் கைக்கு வந்தது?