புழுங்கலும் பச்சரிசியும்: ஒரு சோதனையில் மாறியது எது?

1905ஆம் ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் விடுதியின் சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகள் வரிசையாக நிறுத்தப்பட்டு, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக எண்ணப்பட்டார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்கும், இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் மேற்குப் பக்க வார்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். கிழக்கே இருந்தவர்களுக்கு அதுவரை கொடுத்துவந்த சயாம் பச்சரிசிச் சோறே தொடர்ந்தது. மேற்கே இருந்தவர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசிச் சோறு. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர். அவர் விடை தேடிய கேள்வி, விடுதியில் பலரைக் கொன்றுகொண்டிருந்த பெரிபெரி நோய்க்கும் சோற்றுக்கும் தொடர்பு உண்டா என்பது.

இந்தச் சோதனையில் உள்ள மாறிகளைப் பிரித்துக் காட்டு என்று பள்ளி மாணவரிடம் கேட்டால் விடை சட்டென்று வரும். சோதிப்பவர் வேண்டுமென்றே மாற்றியது அரிசியின் வகை. அது சாரா மாறி. அதன் விளைவாக மாறுகிறதா என்று பார்த்தது நோய் கண்டவர்களின் எண்ணிக்கையும் இறந்தவர்களின் எண்ணிக்கையும். அது சார்ந்த மாறி. அரிசியைத் தவிர மற்ற உணவு, ஒரே வளாகம், ஒரே காலம் ஆகியவை இரு தரப்புக்கும் சமமாக வைக்கப்பட்டவை. அவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். விடை சரிதான். ஆனால் பெரிபெரி ஆராய்ச்சியின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், இந்த மூன்று பெயர்களும் சோதனை தொடங்கும்போதே உறுதியாகிவிடுவதில்லை என்பது தெரியவரும். சாரா மாறி என்று நாம் பெயரிட்ட ஒன்றுக்குள் பல மாறிகள் மறைந்திருக்கலாம். எதையெல்லாம் சமமாக வைக்க வேண்டும் என்பதும் முந்தைய சோதனை தவறிய இடத்தில்தான் பெரும்பாலும் தெரிந்திருக்கிறது.

அப்படித் தவறிய ஒரு சோதனையிலிருந்துதான் இந்த வரலாறே தொடங்குகிறது. 1880களின் இறுதியில் ஜாவாவின் படாவியாவில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் பெரிபெரியை உண்டாக்கும் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். நோயாளிகளின் இரத்தத்தைக் கோழிகளுக்கு ஊசியில் ஏற்றினார். கோழிகள் கால் தளர்ந்து, நிற்க முடியாமல் சாய்ந்தன. கிருமி கிடைத்துவிட்டது என்று எழுதிவிட அந்தக் காட்சியே போதுமாயிருந்திருக்கும். ஆனால் ஊசி போடாத கோழிகளையும் அவர் ஒப்பீட்டுக்காக வளர்த்துவந்தார். அவையும் சாய்ந்தன. சாரா மாறி என்று அவர் நம்பிய ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளைவு ஒன்றே என்றால், விளைவைக் கொண்டுவந்தது வேறு ஏதோ ஒன்று. பின்பு ஒருநாள் நோய் தானாகவே மறைந்தது. தீவனத்தை விசாரித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. சிக்கனம் கருதி, ஆய்வகப் பணியாளர் ஜூன் 17 முதல் இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுவந்திருக்கிறார். நவம்பர் 27 அன்று அது நின்றுபோனது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோற்றை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். நோய் தொடங்கியது ஜூலை 10; ஓய்ந்தது நவம்பர் கடைசி. யாரும் மாறியாகக் கருதாத தீவனம்தான் மாறியிருந்தது. ஊசி போடாத அந்தச் சில கோழிகள் இல்லாமலிருந்தால் எய்க்மானுக்குத் தீவனத்தை விசாரிக்கக் காரணமே இருந்திருக்காது.

கோழிக்கு உண்மையானது மனிதருக்கும் உண்மையா என்ற கேள்வி எழுந்தது. எய்க்மானின் நண்பரான ஃபோர்டர்மான் ஜாவா, மதுரா தீவுகளின் 101 சிறைகளைக் கணக்கெடுத்தார். தவிட்டுத்தோல் பெரும்பாலும் நீங்காத அரிசி போட்ட 37 சிறைகளில் ஒன்றில்தான் பெரிபெரி இருந்தது. நன்கு தீட்டிய வெள்ளையரிசி போட்ட 51 சிறைகளில் 36இல் இருந்தது. இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் கண்ட பிறகு தனியாக ஒரு சோதனை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே; கட்டடங்களின் வயது, காற்றோட்டம், நெரிசல் ஆகியவற்றையும் ஃபோர்டர்மான் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாட்டை அவை விளக்கவில்லை என்று காட்டியிருந்தார். ஆயினும் எந்தச் சிறைக்கு எந்த அரிசி என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. அந்தந்த வட்டாரத்தின் வழக்கம் தீர்மானித்தது. வட்டாரத்தோடு தண்ணீரும் தட்பவெப்பமும் சேர்ந்தே மாறும். அவர் நினைத்துப் பார்த்தவற்றை ஒப்பிட முடிந்தது. நினைத்துப் பார்க்காதவற்றுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

மலாயாவில் இதே சிக்கல் இன்னும் கூர்மையாக எழுந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர், வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களிடையே பெரிபெரி மிகுதியாகவும், தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர்களிடையே மிக அரிதாகவும் இருப்பதைக் கண்டார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து தீட்டி வந்த பச்சரிசி. தமிழர்கள் ஊரில் பழகிய புழுங்கலரிசியையே கடல் கடந்தும் சாப்பிட்டுவந்தார்கள். பிராடன் அரிசியைச் சுட்டியது சரியான ஊகம். ஆனால் சுரங்கத் தொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இடையே அரிசி மட்டுமா வேறுபட்டது? பிறந்த நாடு, செய்யும் வேலை, தங்குமிடம், குழம்பு கறி எல்லாமே வேறுபட்டன. தமிழருக்கு உடல்வாகிலேயே இந்த நோய் வராது என்று ஒருவர் சொல்லியிருந்தால் பிராடனின் புள்ளிவிவரம் அவரை மறுத்திருக்காது.

பிளெட்சர் வரிசையில் நிறுத்தி எண்ணியதன் மதிப்பு இங்கேதான் புலப்படுகிறது. ஒற்றை, இரட்டை என்று எண்ணும்போது சீனரா தமிழரா, மெலிந்தவரா திடமானவரா, புதிதாக வந்தவரா பல ஆண்டு இருந்தவரா என்ற எதுவும் யார் எந்தப் பக்கம் போவது என்பதைத் தீர்மானிக்கவில்லை. வரிசையில் யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார் என்பதை மட்டும் ஒட்டிய பிரிவினை அது. இன்றைய சீட்டுக்குலுக்கல் முறையளவு கறாரானதல்ல; அடுத்து யார் எந்தப் பக்கம் போவார் என்பது எண்ணுபவருக்கு முன்கூட்டியே தெரியும். என்றாலும் அறியாத வேறுபாடுகளை இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரப்பிவிடும் தன்மை அதற்கு இருந்தது. அப்போதும் ஓர் ஓட்டை மிஞ்சியது. பச்சரிசி எப்போதும் கிழக்கு வார்டிலும் புழுங்கல் எப்போதும் மேற்கு வார்டிலும் இருந்தால், நோய் அரிசியால் வந்ததா, கிழக்கு வார்டின் தரையிலிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது. பெரிபெரி இடத்தைப் பற்றிக்கொள்ளும் தொற்று என்று பல மருத்துவர்கள் நம்பிய காலம் அது. ஆகவே 1906இன் நடுவில் பிளெட்சர் இரு தரப்பையும் வார்டு மாற்றினார், அரிசியை மாற்றவில்லை. நோய், வார்டோடு தங்காமல் பச்சரிசியோடு இடம் பெயர்ந்தது. ஆண்டு முடிவில், பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நோயுற்று 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் சாப்பிட்ட 123 பேரில் நோய் கண்டவர்கள் இருவரே. அவர்கள் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். இறந்தவர் யாருமில்லை.

இறப்பைத் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பெரிபெரியின் தொடக்க அறிகுறிகளான கால் மரத்தல், வீக்கம், தளர்ச்சி ஆகியவற்றை மருத்துவரின் கண்தான் முடிவு செய்ய வேண்டும். யார் எந்தச் சோறு சாப்பிடுகிறார் என்று தெரிந்த கண், தெரியாமலேயே ஒரு பக்கம் சாயலாம். சார்ந்த மாறியை அளக்கும் முறையும் இரு தரப்புக்கும் ஒன்றாக இருந்தால்தான் சோதனை நியாயமானது. இறப்பின் எண்ணிக்கை அந்தச் சாய்வுக்கு எளிதில் வளையாதது. கூடவே சொல்லியாக வேண்டியது, அந்த விடுதியில் இருந்தவர்கள் யாரும் ஒப்புதல் தரக்கூடிய நிலையில் இல்லை என்பது. முந்தைய சோறே தொடர்ந்தது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. இரு தரப்பையும் சமமாக ஒப்பிடுவது என்ற பொருளில் ஒரு சோதனை நியாயமாக இருக்கலாம். அதில் சிக்கியவர்களுக்கு அது நியாயமாக இருந்தது என்று அதனால் ஆகிவிடாது.

இனி அரிசிக்கே வருவோம். சயாம் பச்சரிசிக்கும் இந்தியப் புழுங்கலுக்கும் என்ன வேறுபாடு? விளைந்த மண் வேறு, நெல் ரகம் வேறு, மூட்டையில் கிடந்த காலம் வேறு. ஒன்று அவித்தது, மற்றது அவிக்காதது. பிளெட்சர் மாற்றியது பெயரளவில் ஒரு மாறி. உள்ளடக்கத்தில் ஒரு கட்டு மாறிகள். பச்சரிசியில் நஞ்சு இருக்கிறதா, அல்லது புழுங்கலில் உள்ள ஏதோ ஒன்று பச்சரிசியில் குறைகிறதா என்பதை அவரால் சொல்ல முடியாமல் போனது இதனால்தான். பிராடன் நஞ்சு என்ற பக்கம் நின்றார். பழைய பச்சரிசியில் பூசணம் பிடித்து நஞ்சு உண்டாகிறது என்பது அவர் கருத்து. பிளெட்சரின் முடிவு அந்தக் கருத்துக்கும் பொருந்தியது, எதிர்க் கருத்துக்கும் பொருந்தியது.

ஹென்றி ஃபிரேசர், ஏ. டி. ஸ்டாண்டன் என்ற மருத்துவர்கள் அந்தக் கட்டை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். 1907இல் தொடங்கி, நெகிரி செம்பிலானின் காட்டுப்பகுதியில் சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு கூட்டமாக்கி, ஒரு கூட்டத்துக்கு வெள்ளைப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்தார்கள். ஏறத்தாழ மூன்று மாதத்தில் பச்சரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் அங்கே ஓய்ந்து, மற்றக் கூட்டத்தில் தலைகாட்டியது. ஒரே இனம், ஒரே வேலை, ஒரே காடு; அரிசியை மட்டும் நோய் பின்தொடர்ந்தது. பின்பு கோழிகளைக் கொண்டு அரிசிக்குள்ளேயே நுழைந்தார்கள். ஒரு நெல்லையும், அதே நெல்லைத் தீட்டி எடுத்த வெள்ளையரிசியையும், அப்போது உதிர்ந்த தவிட்டையும் எடுத்துக்கொண்டார்கள். நெல் தின்ற கோழிகள் நலமாயிருந்தன. வெள்ளையரிசி தின்றவை சாய்ந்தன. வெள்ளையரிசியோடு தவிட்டையும் தின்றவை நலமாயிருந்தன. மண்ணும் ரகமும் இந்த ஒப்பீட்டில் அடிபட்டுப்போயின. அடுத்து, புழுங்கலரிசியைச் சூடான சாராயத்தில் ஊறவைத்துச் சாரத்தை இறக்கியபின் கொடுத்தபோது, அதுவரை காத்துவந்த அதே புழுங்கல் கோழிகளைச் சாய்த்தது. நஞ்சுதான் காரணமென்றால், புழுங்கலிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டதால் நோய் வரக் கூடாது. எடுத்ததால் வந்தது என்பதால், குறைவே காரணம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப்பகுதியில் உள்ள சத்து நீரில் கரைந்து மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் பெரும்பகுதி தங்குகிறது. தமிழ்த் தொழிலாளரைக் காத்தது இதுதான்.

எல்லாவற்றையும் சமமாக வைக்கவே முடியாதென்றால் எந்தச் சோதனைதான் நியாயமானது என்ற மறுப்பு இங்கே எழலாம். நியாயத்தை முழுச் சமம் என்று கொண்டால் மறுப்பு வெல்லும். ஆனால் இவர்களில் யாரும் முழுச் சமத்தை நாடவில்லை. இந்த முடிவை வேறு எதனால் விளக்க முடியும் என்று கேட்டு, அந்த வேறு விளக்கம் தோற்கும்படி அடுத்த ஏற்பாட்டை அமைத்தார்கள். வார்டு மாற்றம் இடத்தையும், ஒரே இனத் தொழிலாளர் உடல்வாகையும், ஒரே நெல் மண்ணையும் ரகத்தையும், சாராயம் நஞ்சையும் தோற்கடித்தன.

ஃபிரேசரும் ஸ்டாண்டனும் அரிசி எவ்வளவு தீட்டப்பட்டது என்பதை அறிய அதிலுள்ள பாஸ்பரஸை அளந்தார்கள். பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.4 விழுக்காட்டுக்குக் குறைந்த அரிசி ஆபத்தானதாகக் கொள்ளப்பட்டது. பாஸ்பரஸ் நோயைத் தடுப்பதல்ல. தடுக்கும் பொருளோடு தவிட்டில் சேர்ந்திருப்பதால் அடையாளமாக உதவியது. அந்தப் பொருளைத் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தவர்கள் யான்சென், டொனாத் என்ற இருவர். ஆண்டு 1926, இடம் எய்க்மான் கோழி வளர்த்த அதே படாவியா ஆய்வகம். இன்று தயாமின் அல்லது வைட்டமின் பி1 என்று அழைக்கப்படும் அந்தப் படிகம் கைக்கு வந்தபிறகுதான், சாரா மாறியைத் தராசில் நிறுத்து, மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க, கோழிக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்க முடிந்தது.