எல்லாம் தெரிந்த ஒரே ஊழியர் விலகினால்...? முதல் வாரத்திலேயே செய்யவேண்டியவை

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருக்கிறாரா?

சம்பளம், மத்திய சேமநிதிச் சந்தா, பொருள் சேவை வரி, வெளிநாட்டு ஊழியர்களின் வேலை அனுமதிச் சீட்டு... எதைக் கேட்டாலும் "அக்காவைக் கேளுங்க" என்பார்கள். முதலாளியும் அதையேதான் சொல்வார்.

அந்த அக்கா ஒருநாள் விலகல் கடிதத்தை நீட்டினால் என்ன ஆகும்?

சிங்கப்பூரின் சிறு நிறுவனங்களில் இது அடிக்கடி நடக்கும் ஒன்று. எல்லா வேலைகளுக்கும் பொருந்தும் பொதுவான பட்டியல் இங்கே இல்லை. சம்பளக் கணக்கைப் பார்ப்பவர் விலகும் சூழலை மட்டும் எடுத்துக்கொள்வோம். தவறு நடந்தால் ஊழியர்கள் எல்லாரையும் பாதிக்கும் வேலை அது.

கையில் எத்தனை நாள் இருக்கிறது?

12 பேர் வேலை செய்யும் ஒரு குளிர்சாதனப் பராமரிப்பு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அக்கா அங்கு ஆறாண்டாக வேலை செய்கிறார். வேலை ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் பற்றி எதுவும் இல்லை. அப்படியென்றால் வேலை நியமனச் சட்டத்தில் உள்ளது பொருந்தும். ஐந்தாண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு 4 வாரம். இரண்டு ஆண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் என்றால் 2 வாரம்தான்.

அவர் கடிதம் கொடுத்த நாள் அக்டோபர் 1, வியாழக்கிழமை. கடிதம் கொடுத்த நாளும் கணக்கில் சேரும். ஆக, கடைசி நாள் அக்டோபர் 28.

"நாலு வாரம் இருக்கே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று முதலாளி நினைக்கலாம். ஆனால் அக்காவுக்கு ஆறு நாள் வருடாந்தர விடுப்பு மீதம் இருக்கிறது. முன்னறிவிப்புக் காலத்தை விடுப்பைக் கொண்டு ஈடுகட்ட வழி உண்டு. சனி, ஞாயிறைக் கழித்தால் அவர் அலுவலகத்துக்கு வரும் கடைசி நாள் அக்டோபர் 20.

இப்போது நாள்காட்டியைப் பாருங்கள்.

அந்த நிறுவனத்தில் சம்பளம் போடுவது மாதத்தின் 5ஆம் தேதி. (சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்கவேண்டும் என்பது சட்டம்.) செப்டம்பர் மாதச் சேமநிதிச் சந்தாவை அக்டோபர் 14க்குள் கட்டவேண்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரையிலான பொருள் சேவை வரிக் கணக்கை அக்டோபர் 31க்குள் தாக்கல் செய்யவேண்டும்.

சம்பளச் சுற்று முழுவதையும் அக்கா பக்கத்தில் இருந்து காட்டித்தர ஒரே ஒரு வாய்ப்புதான் இருக்கிறது. அது கடிதம் கொடுத்த ஐந்தாம் நாளே தொடங்கிவிடுகிறது. வரித் தாக்கலின் கடைசி நாளில் அவர் இருக்கமாட்டார்.

பெரும்பாலான முதலாளிகள் முதல் வாரத்தை வேறு எதற்கோ செலவிட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் அதிர்ச்சி, கொஞ்சம் மனத்தாங்கல், "சம்பளத்தைக் கூட்டித் தர்றேன், இருந்துடுங்க" என்ற பேச்சு. பிறகு புது ஆளைத் தேடி விளம்பரம். அதற்குள் 5ஆம் தேதி போய்விடும்.

புது ஆள் 4 வாரத்துக்குள் வந்து சேர்வது அரிது. அதனால் அலுவலகத்திலேயே இருக்கும் ஒருவரை இடைக்காலத்துக்கு உடனே நியமியுங்கள். வேறு ஆளே இல்லையென்றால் முதலாளியே அந்த நாற்காலியில் உட்காரவேண்டியதுதான்.

முதலில் சாவி, பிறகு பாடம்

வேலையைக் கற்றுக்கொடுப்பதற்குமுன் ஒன்றைச் சரிபார்க்கவேண்டும். எந்தெந்தக் கதவு அக்காவின் பெயரில் மட்டும் திறக்கிறது?

சேமநிதி, வரி, மனிதவள அமைச்சு ஆகியவற்றின் இணையச் சேவைகளை நிறுவனத்தின் சார்பில் பயன்படுத்த கார்ப்பாஸ் அனுமதி தேவை. உள்ளே நுழைவது அவரவர் சிங்பாஸ் வழியாக. யார் எந்தச் சேவையைப் பயன்படுத்தலாம் என்பதை முடிவுசெய்பவர் கார்ப்பாஸ் நிர்வாகி. பல சிறு நிறுவனங்களில் அந்த நிர்வாகியே அக்காதான்!

அவர் போன பிறகும் இதைச் சரிசெய்யலாம். நிறுவனத்தின் பதிவுபெற்ற அதிகாரி, பெரும்பாலும் இயக்குநர், புது நிர்வாகியை நியமிக்கமுடியும். ஆனால் 14ஆம் தேதி காலையில் அந்த வேலையைத் தொடங்க யாரும் விரும்பமாட்டார்கள். அக்கா இருக்கும்போதே இன்னொரு நிர்வாகியைச் சேர்த்து, வாரிசாக வருபவருக்கு ஒவ்வொரு சேவையையும் தனித்தனியாக ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கினால் மட்டும் போதாது. அவர் தமது சிங்பாஸைக் கொண்டு CPF EZPay பக்கம்வரை ஒருமுறை உள்ளே போய்க் காட்டவேண்டும்.

"அக்காவோட சிங்பாஸ்ல ஒரு தடவை போட்டுக்கிறோம்" என்ற பேச்சே வேண்டாம். சிங்பாஸ் தனிநபருக்குச் சொந்தமானது. அதைக் கடன் வாங்கக்கூடாது.

வங்கிக் கணக்கும் அப்படித்தான். ஒருமுறை பயன்படுத்தும் மறைச்சொல் யாருடைய கைபேசிக்கு வருகிறது என்று பாருங்கள். சம்பள மென்பொருளை அக்கா தம் சொந்த மின்னஞ்சலில் பதிந்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. அன்றைக்கு அவசரம், அவருடைய மின்னஞ்சல்தான் கைக்கு வந்தது, அவ்வளவுதான்.

எழுதவேண்டியவர் யார்?

"தெரிஞ்சதையெல்லாம் எழுதி வச்சிட்டுப் போங்க" என்று அக்காவிடம் கேட்பது வழக்கம். அது அவ்வளவாகப் பலன் தருவதில்லை.

ஆறாண்டு செய்த வேலையில் எது வெளியாளுக்குப் புரியாது என்று அவருக்கே தெரியாது. கை தானாகச் செய்யும் படிகளைத் தாண்டிப் போய்விடுவார். அதோடு, வழக்கமான வேலையும் அவர் தலையில்தான் இருக்கிறது.

அதனால் மாற்றிச் செய்யுங்கள். 5ஆம் தேதிச் சம்பளத்தையும் 14ஆம் தேதிச் சந்தாவையும் வாரிசே செய்யட்டும். அக்கா பக்கத்தில் உட்காரட்டும், ஆனால் விசைப்பலகையைத் தொடவேண்டாம். வாரிசுக்கு எங்கெல்லாம் கை நிற்கிறதோ அங்கெல்லாம் ஒரு கேள்வி பிறக்கும். அந்தக் கேள்வியையும் பதிலையும் வாரிசே எழுதிக்கொள்ளட்டும். 40 பக்கக் கையேட்டைவிட அந்த நான்கு பக்கக் குறிப்பு உதவும்.

பொருள் சேவை வரிக்கு 31ஆம் தேதிவரை காத்திருக்கத் தேவையில்லை. காலாண்டு முடிந்துவிட்டது. இருவரும் சேர்ந்து 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்துவிடலாம்.

பழைய மாதத்தை மறுபடி போட்டுப் பாருங்கள்

எல்லாம் கைமாறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை.

ஒரு சோதனை செய்யலாம். ஆகஸ்ட் மாத வேலைநேரப் பதிவையும் விடுப்புப் பதிவையும் மட்டும் வாரிசிடம் கொடுங்கள். அந்த மாதச் சம்பளத்தை முதலிலிருந்து அவரே போடட்டும். பிறகு உண்மையில் கொடுத்த தொகையோடு ஒப்பிடுங்கள்.

நம் உதாரண நிறுவனத்தில் 12 பேரில் 9 பேரின் கணக்கு சரியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூவருடையது இடிக்கிறது. அக்காவின் தலைக்குள் மட்டும் இருந்தது அந்த மூன்றில்தான் இருக்கிறது.

முதலாமவர் ஜூலையில் 55 வயதை எட்டியவர். அந்த வயதைத் தாண்டினால் சேமநிதிச் சந்தா விகிதம் மாறும். பிறந்தநாளுக்கு அடுத்த மாதத்தின் முதல் நாளிலிருந்து, அதாவது ஆகஸ்ட்டிலிருந்து, புது விகிதம். வாரிசு பழைய விகிதத்திலேயே கணக்குப் போட்டிருக்கிறார். இதைச் சரிசெய்வது எளிது. ஊழியர்களின் பிறந்தநாள்கள் நாள்காட்டியில் ஏறினால் போதும்.

இரண்டாமவர் அண்மையில் நிரந்தரவாசியானவர். முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த விகிதத்தில் சந்தா கட்டலாம். வாரிசும் அப்படியே போட்டிருக்கிறார். ஆனால் இந்த ஊழியரும் முதலாளியும் சேர்ந்து விண்ணப்பித்து, முழு விகிதத்தில் கட்ட ஒப்புதல் பெற்றிருக்கிறார்கள். அந்தக் கடிதம் ஒரு கோப்பில் கிடக்கிறது. தெரியாமல் விட்டால் அடுத்த மாதம் வாரிசு இதைத் "தவறு" என்று திருத்தியிருப்பார். அந்த ஊழியரின் சேமநிதிக் கணக்கில் மாதந்தோறும் பணம் குறைந்திருக்கும்.

மூன்றாமவரின் சம்பளத்தில் 80 வெள்ளி வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை அவசர அழைப்புகளைப் பார்த்துக்கொள்வதற்காக முதலாளி எப்போதோ வாய்வார்த்தையாகக் கொடுத்த வாக்கு அது. எந்தக் கோப்பிலும் இல்லை. முதலாளியே மறந்துவிட்டார்! அக்கா மட்டும் மறக்காமல் மாதாமாதம் சேர்த்து வந்திருக்கிறார்.

எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்பதை அந்தந்த இணையப்பக்கமே ஓரளவு சொல்லிக்கொடுத்துவிடும். ஏன் இந்த எண் மட்டும் வேறாக இருக்கிறது என்பதை எந்தப் பக்கமும் சொல்லாது. ஒவ்வொரு விதிவிலக்குக்கும் நான்கு விவரங்களை எழுதிவையுங்கள்: யாருக்கு, எவ்வளவு, ஏன், யார் ஒப்புக்கொண்டார். மூன்றாவது ஊழியருக்கு இதோடு முதலாளியின் கையெழுத்துப் போட்ட கடிதமும் தேவை.

தவறினால் என்ன ஆகும்? சந்தா தாமதமானால் மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டி, குறைந்தது 5 வெள்ளி. 9,000 வெள்ளிச் சந்தா ஒரு மாதம் தாமதமானால் 135 வெள்ளி. பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனவர் தம் சம்பளத்தில் 80 வெள்ளி குறைவதைப் பார்த்தால், அடுத்த விலகல் கடிதம் அவரிடமிருந்து வரலாம்.

அக்கா ஒத்துழைக்காவிட்டால்?

அக்காவின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். எல்லாம் தமக்கு மட்டும் தெரிந்திருப்பதுதான் வேலைக்குப் பாதுகாப்பு என்று சிலர் நினைப்பது உண்மை. ஆனால் பலர் அப்படி ஒளித்துவைப்பதில்லை. கற்றுக்கொள்ள யாரும் வந்து உட்காரவில்லை என்பதே அவர்களின் குறை. கடைசி நாள்களில் வழக்கமான வேலையில் பாதியையாவது வேறொருவருக்கு மாற்றிவிடாமல் "சொல்லிக்கொடுங்க" என்று கேட்டால், அவருக்கு எரிச்சல் வருவதில் நியாயம் இருக்கிறது.

யாரும் கடிதம் கொடுக்காதபோது இதைச் செய்வது இன்னும் சுலபம். வங்கிகளில் சில பொறுப்புகளில் இருப்போர் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து பல நாள் விடுப்பு எடுக்கவேண்டும் என்ற வழக்கம் உண்டு. மோசடியைக் கண்டுபிடிக்க ஏற்பட்ட ஏற்பாடு அது. சிறு நிறுவனத்துக்கு அது வேறு விதத்தில் உதவும். ஒரு மாதம் 10ஆம் தேதியிலிருந்து 15வரை அக்காவை விடுப்பில் அனுப்பிப் பாருங்கள். அந்த வாரம் அவருடைய கைபேசிக்கு அலுவலகத்திலிருந்து எத்தனை அழைப்பு போகிறது, எதைக் கேட்கிறார்கள் என்று குறித்துவையுங்கள். எங்கே ஓட்டை என்று அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

விலகிய பிறகு அவரை அழைத்துக் கேட்கலாமா? கேட்கலாம், அவர் சம்மதித்தால். எத்தனை வாரத்துக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு கட்டணம் என்பதைக் கடைசி நாளுக்குமுன் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். அவருடைய கார்ப்பாஸ் அனுமதியைக் கடைசி நாளன்றே நீக்கிவிடவேண்டும். ஆகவே தொலைபேசியில் அவர் வழி சொல்லலாம், உள்ளே நுழைந்து செய்துதரமுடியாது. நவம்பர் 5ஆம் தேதிச் சம்பளத்துக்கு வாரிசு அவரை அழைக்கிறார் என்றால், என்ன கேட்டார் என்பதையும் அந்த நான்கு பக்கக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.