தலைவர் தேர்தல் வரிசைமுறை வரைபடம் (மூன்று கணுக்கள்)

தலைவர் தேர்தல் வரிசைமுறை வரைபடம் என்பது, கணினிக் கொத்தொன்றின் தலைவர் கணு செயலிழந்ததும் மற்ற கணுக்கள் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கும் செய்திப் பரிமாற்றத்தைக் காட்டும் படமாகும். ஒங்காரோ, ஔஸ்டர்ஹவுட் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ராஃப்ட் வழிமுறை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

அ, ஆ, இ என மூன்று செங்குத்துக் கோடுகள் வரையப்படும். காலம் மேலிருந்து கீழாகச் செல்லும். 1-ஆம் தவணையின் தலைவரான அ, மற்ற இரண்டுக்கும் இடைவிடாது வெற்று `AppendEntries` அனுப்பும். அது செயலிழக்கும் இடத்தில் பெருக்கல் குறி இடப்படும். இழப்பை எவரும் அறிவிப்பதில்லை. செய்தி வராமையே அறிகுறி.

ஒவ்வொரு கணுவும் 150 முதல் 300 மில்லிநொடிக்குள் தற்போக்கான காத்திருப்பு நேரம் கொண்டது. ஆ-வுக்கு 180, இ-க்கு 270 எனக் கொள்வோம். முதலில் பொறுமையிழக்கும் ஆ, தவணையை 2 ஆக்கித் தனக்கே வாக்களித்து (தன்னிடமே திரும்பும் அம்பு), இரண்டுக்கும் `RequestVote` அனுப்பும். அ-வை நோக்கிய அம்பு சென்றடையாது. ஆ-வின் பதிவேடு தன்னுடையதைவிடப் பழையதன்று எனக் கண்டால் இ வாக்களிக்கும். மூன்றில் இரண்டு கிடைத்ததால் ஆ தலைவராகும்.

அந்த வாக்கு அம்பு ஆ-வை அடையுமுன்பே 'தலைவர்' என எழுதிவிடுவது மாணவர் செய்யும் வழக்கமான பிழை. ஆ-வும் இ-யும் ஏறக்குறைய ஒரே கணத்தில் போட்டியிட்டால் வாக்கு ஒன்றுக்கொன்றாகப் பிரியும். 3-ஆம் தவணையில் மீண்டும் தேர்தல் வரையப்பட வேண்டும்.

அ உண்மையில் செயலிழக்காமல் வலையிணைப்பு மட்டும் அறுந்திருந்தால், இணைப்பு மீண்டபின் அது 1-ஆம் தவணைச் செய்தியையே அனுப்பும். மறுப்புடன் வரும் 2 என்ற எண்ணைக் கண்டு தொண்டராக இறங்கும்.