18 லட்சம் செக் கைக்கு வந்தாச்சு... பணம் ஏன் வரலை? பட்டாசு ஆலைகளின் 'ஃப்ளோட்' கணக்கு

விருதுநகர் மாவட்டம் ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கணக்கு சிவகாசியில். தீபாவளி சரக்கு வாங்கிய பாட்னா வியாபாரி, புதன்கிழமை 18 லட்சம் ரூபாய்க்கு செக் எழுதி அன்று மாலையே கூரியரில் போடுகிறார். அது சனிக்கிழமை மதியம் ஆலை அலுவலகத்துக்கு வருகிறது. அன்று இரண்டாவது சனிக்கிழமை, வங்கி கிடையாது. ஞாயிறும் போச்சு. திங்கள்கிழமை கணக்குப்பிள்ளை எந்த பில்லுக்கான பணம் என்று பார்த்துப் பதிவு செய்கிறார். செவ்வாய்க்கிழமைதான் செக் வங்கிக்குப் போகிறது.

வியாபாரியின் பேரேட்டில் புதன்கிழமையே பணம் கொடுத்தாச்சு. ஆலையின் கணக்கில் செவ்வாய்க்கிழமைதான் ஏறுகிறது. நடுவில் 6 நாள், 18 லட்சம் ரூபாய் வழியிலேயே நிற்கிறது. இப்படி வழியில் நிற்கும் பணத்துக்குத்தான் 'ஃப்ளோட்' என்று பெயர்.

தாமதம் வங்கியிலா, வழியிலா?

பொதுவாக எல்லோரும் வங்கியைத்தான் திட்டுவோம். ஒரு காலத்தில் அது நியாயம்தான். வெளியூர் செக் என்றால் காகிதமே அந்த ஊர் வரை போய்த் திரும்ப வேண்டும். 2008 வாக்கில்கூட மாநிலத் தலைநகர் செக்குக்கு 7 நாள், பெருநகரத்துக்கு 10 நாள், மற்ற ஊர்களுக்கு 14 நாள் வரை ஆகலாம் என்பதுதான் கணக்கு.

பிறகு செக்கின் படத்தை மட்டும் அனுப்பும் சிடிஎஸ் முறை வந்தது. சென்னையில் இது 2011 செப்டம்பரில் தொடங்கியது. 2025 அக்டோபர் 4 முதல் இன்னொரு மாற்றம். காலையிலிருந்து பிற்பகல் வரை வங்கியில் போடும் செக்குகள் மொத்தமாகக் காத்திருக்காமல் உடனுக்குடன் ஸ்கேன் ஆகிப் போகின்றன. பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று இரவு 7 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

ஆக, வங்கிக்குள் ஆகும் தாமதம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. நம்ம உதாரணத்தில் போன 6 நாளில் 3 நாள் கூரியர் பையில், மீதி 3 நாள் விடுமுறையிலும் அலுவலக மேஜையிலும் போயிருக்கிறது. சுருக்கவேண்டிய இடம் அதுதான்.

லாக்பாக்ஸ் என்றால் என்ன?

அமெரிக்காவில் 1940களின் கடைசியிலேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாடிக்கையாளர் செக்கை கம்பெனிக்கு அனுப்பாமல், தன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தபால் பெட்டி எண்ணுக்கு அனுப்புவார். அந்தப் பெட்டியின் சாவி வங்கியிடம் இருக்கும். வங்கி ஆட்கள் தினமும் பல முறை பெட்டியைத் திறந்து, செக்கை முதலில் கணக்கில் போட்டுவிட்டு, விவரத்தைப் பிறகு கம்பெனிக்கு அனுப்புவார்கள். அதாவது பணம் முன்னால் போகும், பேப்பர் வேலை பின்னால் வரும்.

நம்ம ஊரில் தபால் பெட்டி தேவையில்லை. ஆலைக்குக் கணக்கு இருக்கும் அதே வங்கியின் பாட்னா கிளையில் வியாபாரியே செக்கைப் போட்டுவிடலாம். அல்லது 'கேஷ் மேனேஜ்மென்ட்' சேவை எடுத்தால், வங்கியின் ஆளே வியாபாரி கடைக்குப் போய் வாங்கிவருவார். செக்கின் படம்தானே பயணம் செய்யப்போகிறது, அதை சிவகாசியில் வைத்து ஸ்கேன் செய்தால் என்ன, பாட்னாவில் வைத்து ஸ்கேன் செய்தால் என்ன!

இதில் எவ்வளவு மிச்சம்?

ஆலைக்கு வங்கியில் சிசி கடன் இருக்கிறது, வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 18 லட்சத்துக்கு 6 நாள் வட்டி சுமார் 2,959 ரூபாய். ஒரே ஒரு செக்கில் இவ்வளவு.

ஆனால் எல்லா செக்கும் வார இறுதியில் மாட்டாது. சராசரியாக 4 நாள் மிச்சமாகும் என்று எடுத்துக்கொண்டால், ஒரு லட்சம் ரூபாய்க்குக் கிடைப்பது சுமார் 110 ரூபாய். வங்கி ஒரு செக்குக்கு 150 ரூபாய் கட்டணம் கேட்டால், சுமார் 1.37 லட்சத்துக்குக் கீழே உள்ள செக்கை இந்த வழியில் அனுப்புவது நஷ்டம். 15,000 ரூபாய் செக்கில் மிச்சமாவது வெறும் 16 ரூபாய்தான். அதனால் பெரிய செக்கை மட்டும் பிரித்து இந்த வழியில் விட வேண்டும். சின்னது வழக்கம்போல கூரியரிலேயே வரட்டும்.

இன்னொரு இடத்திலும் கணக்கு தப்பும். தினமும் 12 லட்சம் ரூபாய்க்கு செக் வருகிறது, 4 நாள் சுருங்கினால் 48 லட்சம் விடுபடும், 10 சதவீதம் போட்டால் வருஷத்துக்கு 4.8 லட்சம் லாபம் என்று யாராவது சொல்லலாம். வருஷம் முழுக்க வசூல் வரும் தொழிலுக்கு அது சரி. பட்டாசில் வசூல் தீபாவளியை ஒட்டிக் குவியும். 90 நாள்தான் அப்படி வருகிறது என்றால் அந்த 48 லட்சமும் 90 நாள்தான் கையில் நிற்கும். உண்மையான மிச்சம் சுமார் 1.18 லட்சம். வங்கிக்குக் கொடுக்கும் மொத்தக் கட்டணத்தை இந்த 1.18 லட்சத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

விடுபட்ட பணம் எங்கே போகிறது?

சிசி கணக்கில் வட்டி தினசரி பாக்கிக்குத்தான் போடப்படும். பணம் அங்கே விழுந்தால் அன்றிலிருந்தே வட்டி குறையும், 10 சதவீதமும் முழுசாக மிச்சம். அதே பணம் கரண்ட் அக்கவுண்டில் விழுந்து சும்மா கிடந்தால் வட்டியே கிடையாது. 6 நாள் முன்னாடி வந்தும் பிரயோஜனமில்லை. கடனே இல்லாத ஆலை என்றால் டெபாசிட் வட்டியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அது கடன் வட்டியைவிடக் குறைவு, மிச்சமும் அதற்கேற்ப சுருங்கும்.

செக் திரும்பிவிட்டால்?

இதுதான் பலருக்கு இருக்கும் பயம். பாட்னாவில் போட்ட செக் பவுன்ஸ் ஆனால் வழக்குக்காக பீகாருக்கு அலையணுமா? வேண்டியதில்லை. 2015-ல் செக் மோசடி சட்டப் பிரிவில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, வங்கியின் எந்தக் கிளையில் செக்கைப் போட்டாலும், ஆலையின் கணக்கு இருக்கும் கிளையில் போட்டதாகவே கருதப்படும். அந்தக் கிளை இருக்கும் பகுதி நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.

சிக்கல் நேரத்தில்தான். செக் திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து வந்த 30 நாளுக்குள் வியாபாரிக்கு நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். திரும்பிய செக்கும் மெமோவும் பாட்னா கிளையிலேயே கிடந்தால் அந்த 30 நாள் கரைந்துவிடும். அவற்றை எத்தனை நாளில் சிவகாசிக்கு அனுப்புவார்கள் என்பதை வங்கியிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அதேபோல, பே-இன் ஸ்லிப்பில் வியாபாரியின் எண்ணும் பில் எண்ணும் இல்லாவிட்டால், பணம் வந்தும் யார் கொடுத்தது என்று தெரியாமல் கணக்குப்பிள்ளை தேடிக்கொண்டிருப்பார்.

ஆர்டிஜிஎஸ் இருக்கே?

இருக்கிறது. 2020 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது. 5 லட்சத்துக்கு மேல் அனுப்பினாலும் கட்டணம் ஜிஎஸ்டி இல்லாமல் அதிகபட்சம் 49.50 ரூபாய்தான். பிறகு ஏன் செக்? ஆலை இழக்கும் அந்த 6 நாள் வியாபாரிக்கு லாபம், அவ்வளவுதான். அவரை மாற்றுவதற்குத் தள்ளுபடி கொடுக்கலாம். ஆனால் 18 லட்சத்தில் 2,959 ரூபாய் என்பது நூற்றுக்கு 16 காசு. கால் சதவீதம் தள்ளுபடி என்றால் 4,500 ரூபாய் கொடுக்க வேண்டும். அதற்கு செக் கூரியரிலேயே வந்துவிடலாம்.