ஒரு பேஸ் போனபின் மிஞ்சுவது: கிராமப்புற மின்வழங்கலில் ஏ.சி. கம்ப்ரசர் காப்பு

ஏனாத்தூர், உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில் ஏ.சி. கம்ப்ரசர் எரிந்துபோனால் லோ வோல்டேஜ்தான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பெரும்பாலும் அது பாதி உண்மை. குறைந்த மின்னழுத்தம், பேஸ் இழப்பு இரண்டையும் தனித்தனிக் கோளாறுகளாகக் கருதி தனித்தனிக் காப்புக் கருவிகளை விற்கிறார்கள், வாங்குகிறோம். ஆனால் நம் கிராமத்து டிரான்ஸ்பார்மரின் இணைப்பு முறையில் முதலாவது பல நேரம் இரண்டாவதன் வெளித்தோற்றமே. ஆகவே காப்பு ரிலே மின்னழுத்தத்தின் அளவில் தாராளமாகவும், மூன்று பேஸ்களின் சமநிலையில் கறாராகவும் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். நடைமுறையில் இது தலைகீழாக இருக்கிறது.

ஊர் டிரான்ஸ்பார்மரின் 11 கிலோவோல்ட் பக்கம் டெல்டாவாகவும், நம் வீட்டுப் பக்கம் நியூட்ரலோடு ஸ்டாராகவும் இணைக்கப்பட்டிருக்கும். மேலே ஒரு எச்.ஜி. பியூஸ் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கீழே ஒரு பேஸ் செத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி நடப்பதில்லை. மிஞ்சிய இரண்டு எச்.டி. கம்பிகளுக்கு நடுவே ஒரு வைண்டிங் முழு மின்னழுத்தம் பெறுகிறது. மற்ற இரண்டும் தொடராக இணைந்து அதே மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சுமை சமமாக இருந்தால் வீட்டுப் பக்கம் ஒரு பேஸில் 230 வோல்ட், மற்ற இரண்டிலும் 115 வோல்ட். தெருவில் சில வீடுகளில் விளக்கு நன்றாக எரிய, மற்ற வீடுகளில் மங்கலாக எரிவது இதனால்தான்.

சுமை சமமில்லாதபோது நிலைமை இன்னும் மோசம். தொடரில் நிற்கும் அந்த இரண்டு பேஸ்களில் எதில் சுமை கூடுகிறதோ அதில் மின்னழுத்தம் சரியும், மற்றதில் ஏறும். ஒரு பேஸில் விசிறியும் விளக்கும் மட்டும் இருக்க, மறு பேஸில் ஸ்ப்ளிட் ஏ.சி. ஒன்று புறப்பட முயன்றால் 115, 115 என்றிருந்தது 160, 70 என்று மாறலாம். புறப்படுமுன் ஸ்டெபிலைசர் பார்த்த மின்னழுத்தத்துக்கும், கம்ப்ரசருக்குப் புறப்படும் நொடியில் கிடைக்கும் மின்னழுத்தத்துக்கும் தொடர்பே இல்லை. முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் 115 வோல்ட்டில் கால் பங்குதான் கிடைக்கும். ரோட்டர் அசையாது. 1.5 டன் சாதாரண ஏ.சி. ஓடும்போது 7, 8 ஆம்பியர் எடுக்கும் என்றால், அசையாத நிலையில் 115 வோல்ட்டிலும் 18 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வைண்டிங்கில் உண்டாகும் சூடு ஐந்தாறு மடங்கு. ஓவர்லோட் துண்டிக்கும், ஆறும், மறுபடி சேரும். யாரும் கவனிக்காமல் இரவு முழுக்க இது நடந்தால் எனாமல் பூச்சு தாங்காது.

இப்போது மூன்று பேஸ் இயந்திரத்துக்கு வருவோம். ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்க்ரோல் கம்ப்ரசரோடு கூடிய டக்ட் ஏ.சி. இருப்பதாகக் கொள்வோம். பியூஸ் போனபின் ஆர் பேஸில் 230 வோல்ட், ஒய், பி இரண்டிலும் 115 வோல்ட். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரே திசையில், ஆர் பேஸுக்கு எதிர்த்திசையில் நிற்கும். எனவே மீட்டரை ஆர்-ஒய் இடையே வைத்தால் 345 வோல்ட், ஆர்-பி இடையே 345, ஒய்-பி இடையே பூஜ்யம். கான்டாக்டர் சுருளின் 400 வோல்ட் ஒய்-பி-யிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் கான்டாக்டர் தானே விழுந்து கம்ப்ரசர் தப்பிக்கும். ஆர்-ஒய்-யிலிருந்து எடுத்திருந்தால் 345 வோல்ட் என்பது 400-இல் 86 விழுக்காடு. கான்டாக்டர் விழாது, விழுந்திருந்தாலும் மறுபடி ஏறிக்கொள்ளும். வயரிங் செய்தவர் எந்த இரு கம்பிகளைத் தொட்டார் என்பதே கம்ப்ரசரின் தலையெழுத்து.

ஒவ்வொரு பேஸிலும் 180 வோல்ட் இருக்கிறதா என்று பார்க்கும் ரிலே இந்த இடத்தில் வேலை செய்துவிடும். அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதில்தான் தவறு. இது ஏரிப்பாசனமும் கிணற்றுப்பாசனமும் உள்ள பகுதி. ஒரே டிரான்ஸ்பார்மரில் பம்புசெட்டுகளும் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மூன்று பேஸ் மோட்டார் ஒரு பேஸ் போனதும் உடனே நிற்பதில்லை. போன பேஸில் தானே மின்னழுத்தத்தை உண்டாக்கித் திருப்பி அனுப்பும். கன்டென்சர் போட்டு இரண்டு பேஸில் மோட்டார் ஓட்டும் நம் ஊர் வழக்கமும் இதையே செய்கிறது. மண்டபத்தின் கம்ப்ரசரும் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் தன் பங்குக்குத் தன் ரிலேயை ஏமாற்றும்.

அத்தகைய நேரத்தில் 235, 205, 200 வோல்ட் என்று அளவு வந்தால், எல்லாம் 180-க்கு மேல், ரிலே பேசாது. சராசரி 213, அதிலிருந்து மிகுதியாக விலகியது ஏறக்குறைய 22 வோல்ட், சமனின்மை 10 விழுக்காடு. அமெரிக்க மோட்டார் தரநூலான நெமா எம்.ஜி.-1, சமனின்மை 5 விழுக்காட்டைத் தாண்டினால் மோட்டாரை ஓட்டவே வேண்டாம் என்கிறது. சமனின்மை 3.5 விழுக்காடாக இருந்தாலே வைண்டிங்கின் வெப்ப உயர்வு கால் பங்கு கூடும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. மாறாக, மூன்று பேஸும் ஒன்றுபோல 200 வோல்ட்டுக்கு இறங்கினால் கம்ப்ரசர் சற்றுக் கூடுதல் மின்னோட்டம் எடுத்துக்கொண்டு சமாளிக்கும். சராசரியைப் பார்த்தால் இரண்டாவது நிலைதான் மோசம். இயந்திரத்துக்கோ முதலாவதுதான் எமன்.

தாழ்வழுத்த வழங்கலில் மின்னழுத்தம் 6 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லின. அதன்படி கீழ் எல்லை 216 வோல்ட். ரிலேயை அதில் வைத்தால் கோடை மாலையில் ஏ.சி. ஓடவே ஓடாது, எரிச்சலில் உரிமையாளர் ரிலேயை பைபாஸ் செய்வார், அதோடு எல்லாக் காப்பும் போய்விடும். எனவே கீழ் எல்லையை 180-க்குச் சற்று மேலே வைத்து, பம்பு மோட்டார் புறப்படும் தாழ்வைக் கடக்க நான்கைந்து நொடி தாமதம் தருவதே நடைமுறை. சமனின்மைக்கு 5 விழுக்காடு என்பது நல்ல இலக்கு. ஆனால் வீட்டுச் சுமைகள் மூன்று பேஸிலும் ஏறுமாறாகக் கிடக்கும் ஊரில் அது அடிக்கடி துண்டிக்கும். 6 முதல் 8 வரை விட்டுக்கொடுக்கலாம், அதற்கு மேல் கூடாது. துண்டித்தபின் மறுபடி சேர மூன்று நிமிடமாவது ஆக வேண்டும், குழாய்களில் அழுத்தம் சமன்பட. ஒரே கட்டடத்தில் பல இயந்திரங்கள் இருந்தால் இந்தத் தாமதத்தை ஒன்றுக்கொன்று மாற்றி வைக்க வேண்டும்; இல்லையேல் கரண்டு வந்ததும் எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டு, வந்த மின்னழுத்தத்தையும் இழுத்துப் போட்டுவிடும்.

எந்தக் கோளாறால் எரிந்தது என்பதை வைண்டிங் கடையில் திறந்து பார்த்தே ஊகிக்கலாம். ஸ்டார் இணைப்பு மோட்டாரில் எச்.டி. பக்கம் பேஸ் போயிருந்தால் ஒரு கம்பியில் முந்தையதைப்போல் ஏறக்குறைய 2.3 மடங்கும், மற்ற இரண்டிலும் 1.15 மடங்கும் மின்னோட்டம் ஓடும். அதனால் ஒரு பேஸ் வைண்டிங் மட்டும் கருகி, மற்ற இரண்டும் பழுப்பின்றி இருக்கும். இரண்டு பேஸில் மட்டும் உணரி உள்ள பழைய ஓவர்லோட் ரிலே இந்த இரட்டிப்பைப் பார்க்காமலே போகலாம். வீட்டுப் பக்கம் பேஸ் அறுந்திருந்தால் இரண்டு வைண்டிங் கருகி ஒன்று பிழைத்திருக்கும். அறுந்தது கான்டாக்டரின் தேய்ந்த முனையிலேயே என்றால், அதற்கு முன்னால் வைத்த எந்த மின்னழுத்த ரிலேயும் அதைக் காணாது. கான்டாக்டருக்குப் பின்னால் மூன்று கம்பிகளிலும் மின்னோட்டத்தை அளக்கும் ரிலே ஒன்றுதான் காணும்.