நகத்துல பிறையும் வெள்ளைப் புள்ளியும்: கைரேகை சொன்னதும் மருத்துவம் கண்டதும்

1/ "டாக்டர், நகத்துல வெள்ளைப் புள்ளி இருக்கு, கால்சியம் கம்மியா?" "பிறையே இல்ல, ஹார்ட் வீக்கா?" ஓ.பி.யில் அடிக்கடி கேட்கிற ரெண்டு கேள்வி. ரெண்டுக்கும் பழைய வரலாறு இருக்கு.

2/ 1646-ல் தாமஸ் பிரவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர், அன்றைய மூடநம்பிக்கைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். நகப்புள்ளி ஜோசியமும் அதில் உண்டு. நுனியில் புள்ளி இருந்தால் கடந்த காலம், நடுவில் நிகழ்காலம், அடியில் எதிர்காலம். வெள்ளை என்றால் நல்லது, நீலம் என்றால் கெட்டது.

3/ தன் வாழ்க்கையில் நடந்தவற்றுக்கெல்லாம் நகத்தில் அடையாளம் கண்டதாகச் சொன்னவர் கார்டானோ. அவரும் மருத்துவர்தான்! மற்றவர்களிடம் அப்படி எதுவும் பார்க்க முடியவில்லை என்று பிரவுன் எழுதிவைத்தார்.

4/ அடுத்து கீரோ. அயர்லாந்துக்காரர், இயற்பெயர் வில்லியம் ஜான் வார்னர். 1894-ல் வந்த அவருடைய கைரேகைப் புத்தகம், பெரிய பிறை என்றால் நல்ல ரத்த ஓட்டம், பிறை இல்லாத குட்டை நகம் என்றால் பலவீனமான இதயம் என்றது. இன்னைக்கு வாட்ஸ்அப்பில் சுத்துறதும் கிட்டத்தட்ட இதுதான்.

5/ உண்மையில் பிறை என்பது நகம் உற்பத்தியாகிற இடத்தின் வெளியே தெரியும் பகுதி. கட்டைவிரலில் பெரிசா தெரியும். சுண்டுவிரலில் பெரும்பாலும் தோலுக்கு அடியில் மறைஞ்சிருக்கும். அதை வைத்து இதயத்தைக் கணிக்க முடியாது.

6/ அந்த இடத்தில் சின்னதா அடிபட்டாலோ, நகம் கடித்தாலோ, அங்கே உருவாகும் செல்கள் சரியாக முதிராது. அந்தத் துளி ஒளியைச் சிதறடிக்கும், வெள்ளையாகத் தெரியும். வழக்கமான புள்ளிக்குக் காரணம் இதுதான், கால்சியம் குறைபாடு அல்ல.

7/ எப்போ அடிபட்டது? அதையும் கணக்குப் போடலாம். அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன், 1941-ல் தொடங்கி 35 வருஷம் தன் கட்டைவிரல் நகத்தில் கோடு போட்டு வளர்ச்சியை அளந்தார். 32 வயதில் நாளுக்கு 0.123 மி.மீ., 67 வயதில் 0.095 மி.மீ.

8/ தோராயமா நாளுக்கு 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் புள்ளி தோல் விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி இருந்தால், அது தோலைத் தாண்டி வந்து 60 நாள் ஆச்சு. தோலுக்கு அடியில் நகர்ந்த நாளையும் சேர்த்தால், அடிபட்டது ரெண்டு மாசத்துக்கும் முன்னாடி. மறந்தே போயிருக்கும்!

9/ ஆக, நுனி என்றால் கடந்த காலம் என்ற ஜோசியம் ஒரு விதத்தில் சரி. ஆனால் அடியில் இருப்பது எதிர்காலம் அல்ல, போன மாசம்.

10/ அப்போ எதுக்கு டாக்டரைப் பார்க்கணும்? புள்ளி நகத்தோடு நகர்ந்தால் கவலை வேண்டாம், நுனிக்கு வந்ததும் வெட்டிவிடலாம். ஆனால் குறுக்கே ரெண்டு வெள்ளைப் பட்டை இருந்து, வாரக்கணக்கில் நகராமல், அழுத்தினால் மறைந்தால், அது நகத்தில் இல்லை, அடியில் உள்ள படுகையில் இருக்கிறது. ரத்தத்தில் அல்புமின் குறைந்தால் அப்படி வரும். பல விரல்களில் நகம் முழுக்க வெளுத்திருந்தால் கல்லீரலைப் பார்க்கணும்.

11/ ஒரு புள்ளிக்காக கால்சியம் மாத்திரை வாங்காதீங்க. கட்டைவிரல் புள்ளியை இன்னைக்கு போட்டோ எடுங்க, ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுங்க. சுமார் 3 மி.மீ. நகர்ந்திருந்தா, அது வளர்ந்து வெளியே போயிட்டிருக்கு.